சின்ன ஹோம் தியேட்டர் மூலை: தலை இருக்கும் இடத்திலிருந்து தொடங்குங்கள்

வீட்டில் படம் பார்க்க ஒரு மூலையை ஒதுக்க நினைப்பவர்கள் டிவியை எங்கே மாட்டுவது என்றுதான் பெரும்பாலும் முதலில் யோசிக்கிறார்கள். டிவியை மாட்டியதும் சோபாவை அதற்கு எதிரே தள்ளி வைப்பார்கள். மிச்சமிருக்கும் இடத்தில் ஸ்பீக்கர்கள் போய் உட்காரும். திரைச்சீலையும் சுவர் நிறமும் கடைசியில், கண்ணுக்கு அழகாக இருந்தால் போதும் என்று முடிவாகும். அப்படி அமைத்த மூலையில் கழுத்து வலிக்கும், வசனம் புரியாது, இருட்டுக் காட்சிகளில் ஜன்னலின் பிம்பம்தான் தெரியும்.

நான் சொல்லும் வரிசை வேறு. படம் பார்ப்பவரின் தலை எங்கே, எந்த உயரத்தில் இருக்கும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். கண்ணின் உயரத்திலிருந்து டிவியின் உயரம் வரும். காதின் உயரத்திலிருந்தும் தூரத்திலிருந்தும் ஸ்பீக்கர்களின் இடம் வரும். திரைச்சீலை எவ்வளவு அகலம், எந்தச் சுவருக்கு அடர் நிறம் என்பதும் அதே புள்ளியிலிருந்துதான் வரும்.

இதை ஒரு அறையை வைத்தே பார்க்கலாம். டிவி வரப்போகும் சுவரிலிருந்து எதிர்ச் சுவர் வரை 3.6 மீட்டர். இடது பக்கச் சுவரில் 1.2 மீட்டர் அகலத்தில் ஒரு ஜன்னல். டிவி சுவரிலிருந்து 70 செ.மீ. தள்ளி அது தொடங்குகிறது. வலது பக்கம் சுவரே இல்லை, கூடத்தின் மற்ற பகுதியோடு திறந்து கிடக்கிறது. டிவி 55 அங்குலம். இடது சுவரிலிருந்து 1.5 மீட்டர் தள்ளி டிவியின் நடுக்கோடு. மூலை என்று ஒதுக்குகிற பெரும்பாலான இடங்கள் இப்படித்தான் இருக்கும்: ஒரு பக்கம் சுவர், மறு பக்கம் வெட்டவெளி.

தலைக்கு இடம் பிடித்தல்

சோபாவைப் பின் சுவரோடு ஒட்டிப் போடுவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். இடம் மிச்சமாகும் என்பது உண்மைதான். ஆனால் சுவர் ஓரத்தில் பாஸ், அதாவது அடித்தொண்டை போன்ற தாழ்ந்த கனத்த ஒலி, குவியும். அங்கே தலை இருந்தால் வெடிச் சத்தமும் மத்தளமும் உப்பிப்போய்க் கேட்கும், வசனம் அதற்குள் அமுங்கும். சரி, அறையின் நட்டநடுவில் போட்டால்? அது நேர் எதிர்த் தொல்லை. 3.6 மீட்டர் இடைவெளியுள்ள இரண்டு சுவர்களுக்கு நடுவே ஏறக்குறைய 48 ஹெர்ட்ஸ் ஒலி நிலையாக நின்று ஆடும். சரி நடுவில், அதாவது 1.8 மீட்டரில், அந்த ஒலி கிட்டத்தட்டக் காணாமலே போகும். பாஸுக்கென்றே தனியாக வரும் சப்வூஃபர் ஸ்பீக்கரை எவ்வளவு பெரிதாக வாங்கினாலும் அந்தக் குழி நிரம்பாது. அதனால் டிவி சுவரிலிருந்து அறையின் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில் தலை இருப்பது நல்ல சமரசம். நம் அறையில் அது 2.4 மீட்டர். தலைக்குப் பின்னால் 1.2 மீட்டர் காலியாக இருக்கும். அங்கே ஒரு தாழ்வான புத்தக அலமாரி போட்டால் இடமும் வீணாகாது.

டிவியின் முகம் சுவரிலிருந்து 10 செ.மீ. முன்னே இருக்கும் என்று வைத்துக்கொண்டால் கண்ணிலிருந்து திரை 2.3 மீட்டர். 55 அங்குல டிவியின் அகலம் ஏறக்குறைய 122 செ.மீ. இந்தத் தூரத்திலிருந்து பார்த்தால் அது கண்ணுக்கு முன்னே 30 டிகிரி அளவுக்கு விரியும். படம் பார்க்க இந்த விரிவு போதுமானது. இன்னும் நெருக்கமாக உட்காரப் பிடிக்குமென்றால் 40 டிகிரி வரை போகலாம்; 30 டிகிரிக்கு வெகுவாகக் கீழே இறங்கினால் அது சாதாரண டிவி பார்ப்பது போலத்தான் இருக்கும்.

இருக்கை உயரமும் டிவி உயரமும்

இப்போது உயரம். சோபாவின் உயரத்தைக் கடையில் சொல்லும் அளவை வைத்துக் கணக்கிட வேண்டாம். மெத்தை அமுங்கும், உடம்பு பின்னால் சாயும். படம் ஓட ஆரம்பித்து அரை மணி நேரம் கழித்து எப்படி உட்கார்ந்திருப்பீர்களோ அப்படிச் சாய்ந்து உட்காருங்கள். இன்னொருவர் தரையிலிருந்து உங்கள் கண் வரை டேப் பிடித்து அளக்கட்டும். 42 செ.மீ. உயர சோபாவில் பெரியவர் ஒருவருக்கு இது பெரும்பாலும் 100 செ.மீ.யை ஒட்டி வரும். நம் கணக்குக்கு 102 என்று வைத்துக்கொள்வோம். காது அதைவிடச் சற்றுக் கீழே, 98.

பார்வை இயல்பாக விழும் இடம் திரையின் கீழ் மூன்றில் ஒரு பங்குக் கோட்டில் இருக்கட்டும். 55 அங்குல டிவியின் உயரம் 68.5 செ.மீ. அதில் மூன்றில் ஒரு பங்கு ஏறக்குறைய 23. ஆக 102-லிருந்து 23 கழித்தால் 79: திரையின் கீழ் விளிம்பு தரையிலிருந்து 79 செ.மீ. உயரத்தில். மேல் விளிம்பு 147-ஐ ஒட்டி வரும். கண்ணிலிருந்து மேல் விளிம்பைப் பார்க்க 11 டிகிரிதான் நிமிர வேண்டியிருக்கும். இந்தக் கோணம் 15-க்குள் இருக்கும் வரை கழுத்துக்குத் தொந்தரவு இல்லை.

அந்த உயரத்தைச் சுவரில் மாஸ்கிங் டேப்பால் குறித்துப் பார்த்தால், "இவ்வளவு கீழேயா?" என்று வீட்டில் யாராவது கண்டிப்பாகக் கேட்பார்கள். நின்றுகொண்டு பார்ப்பதால்தான் அப்படித் தோன்றுகிறது. அவர்களை உட்காரவைத்துக் காட்டுங்கள். கண்காட்சிப் படம் மாட்டுவது போலக் கீழ் விளிம்பை 130 செ.மீ.யில் வைத்தால் மேல் விளிம்பைப் பார்க்க 23 டிகிரி வரை தலை தூக்க வேண்டும்; முழுப் படம் முடிவதற்குள் பிடரி இறுகிவிடும். அட்டைப் பெட்டியை வெட்டி டிவி அளவுக்குச் சுவரில் ஒட்டிவைத்து ஒரு நாள் மாலை எதிரே உட்கார்ந்து பேசிக்கொண்டிருங்கள். துளை போடும் முன் செய்ய வேண்டிய சோதனை இது ஒன்றுதான்.

தரையில் மெத்தை போட்டுச் சாய்ந்து பார்ப்பவர்களுக்குக் கண் 75 முதல் 80 செ.மீ.யில்தான் இருக்கும். அப்போது டிவி, ஸ்பீக்கர் எல்லாம் அதே அளவு கீழே இறங்க வேண்டும். பாதிப் பேர் சோபாவில், பாதிப் பேர் தரையில் என்றால், அதிக நேரம் யார் பார்க்கிறார்களோ அவர்கள் கண்ணுக்கு வையுங்கள். நடுவாக வைத்தால் இருவருக்குமே ஒத்துவராது.

சோபாவின் முதுகைப் பற்றியும் ஒரு வார்த்தை. முதுகுத் திண்டு தோளோடு முடிவது நல்லது. தலைக்குப் பின்னால் உயர்ந்து நிற்கும் திண்டு காதை அணைத்துக்கொள்ளும். பின்னாலிருந்து வரும் சத்தம் அதில் தடுக்கப்படும், முன்னாலிருந்து வருவது பட்டுத் திரும்பும். சௌகரியமாகத்தான் இருக்கும், ஆனால் ஒலி மந்தமாகிவிடும்.

முன் ஸ்பீக்கர்கள்

இடது, வலது ஸ்பீக்கர்கள் நடுக்கோட்டிலிருந்து தலா 22 முதல் 30 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்பது பொதுவான வழக்கம். ஸ்பீக்கரின் முகம் சுவரிலிருந்து 30 செ.மீ. முன்னே இருந்தால் தலையிலிருந்து அந்தக் கோடு 2.1 மீட்டர். 30 டிகிரி வைக்க வேண்டுமென்றால் நடுவிலிருந்து 1.2 மீட்டர் தள்ள வேண்டும். அப்படித் தள்ளினால் இடது ஸ்பீக்கர் பக்கச் சுவரிலிருந்து வெறும் 30 செ.மீ.யில் நிற்கும், சுவர் அதன் பாஸைத் தூக்கிவிடும், வலது ஸ்பீக்கருக்கு அந்த உதவி கிடைக்காது. அதனால் இரண்டையும் நடுவிலிருந்து 1 மீட்டரில் நிறுத்துவேன். கோணம் 25 டிகிரியைச் சற்றுத் தாண்டும், சுவரிலிருந்து அரை மீட்டர் விலகல் கிடைக்கும்.

இங்கே பலர் தடுமாறுகிற இடம் ஒன்று உண்டு. வலது பக்கம் இடம் தாராளமாக இருக்கிறதே என்று வலது ஸ்பீக்கரை மட்டும் இன்னும் தள்ளி வைத்துவிடுவார்கள். இரண்டும் காதிலிருந்து ஒரே தூரத்தில் இல்லாவிட்டால் நடுவில் கேட்க வேண்டிய குரல் பக்கத்தில் இருக்கும் ஸ்பீக்கரை நோக்கி இழுபடும். அறை எப்படி இருந்தாலும் முக்கோணம் சமச்சீராக இருக்கட்டும். தலையிலிருந்து ஒரு கயிற்றைப் பிடித்து இரண்டு ஸ்பீக்கருக்கும் ஒரே நீளம் வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

உயரத்தில் கவனிக்க வேண்டியது ட்வீட்டரை, அதாவது கூர்மையான ஒலிகளைத் தரும் அந்தச் சின்ன வட்டத்தை. அது காதின் உயரத்தில், நம் கணக்கில் 98 செ.மீ.யில் இருக்க வேண்டும். 60 செ.மீ. ஸ்டாண்டின் மேல் சிறிய ஸ்பீக்கரை வைத்தால் ட்வீட்டர் 85-ல் நிற்கும். 13 செ.மீ. குறைவு, இந்தத் தூரத்தில் அது 3 டிகிரிதான். ஸ்பீக்கரின் முன் அடியில் சின்ன ரப்பர் துண்டு வைத்து மெல்ல நிமிர்த்தினால் சரியாகிவிடும். புது ஸ்டாண்ட் வாங்கத் தேவையில்லை.

அதிகம் கவனிக்க வேண்டியது சென்டர் ஸ்பீக்கரைத்தான். படத்தின் வசனம் பெரும்பாலும் அதிலிருந்துதான் வருகிறது. ஆனால் அதற்குக் கிடைப்பது டிவிக்குக் கீழே, மேசையின் மேல் உள்ள இடுக்கு. மேசை 50 செ.மீ. உயரம் என்றால் ஸ்பீக்கரின் நடு 58-ஐ ஒட்டி இருக்கும். காது அதைவிட 40 செ.மீ. மேலே. அப்படியே விட்டால் குரல் முழங்காலைப் பார்த்துப் பேசும். 2.1 மீட்டர் தூரத்தில் 40 செ.மீ. என்பது 10 டிகிரிக்குச் சற்று அதிகம். 25 செ.மீ. ஆழமுள்ள ஸ்பீக்கரின் முன் பக்கத்தை 4 முதல் 5 செ.மீ. தூக்கினால் முகம் காதை நோக்கித் திரும்பும். மரத்தில் சாய்வாக வெட்டிய ஒரு துண்டு போதும். ஸ்பீக்கரை மேசையின் முன் விளிம்பு வரை இழுத்தும் வையுங்கள். உள்ளே தள்ளி வைத்தால் முன்னால் இருக்கும் மேசைப் பரப்பில் ஒலி பட்டுத் தெறித்து, குரல் பெட்டிக்குள்ளிருந்து வருவது போலாகும். மேசைக்குள் அடைத்து வைப்பது அதைவிட மோசம். டிவியின் கீழ் விளிம்பு 79-ல் இருப்பதால் இதற்கெல்லாம் இடம் இருக்கிறது.

திரைச்சீலை: வெளிச்சத்துக்கும் சத்தத்துக்கும்

திரைச்சீலைக்கு வெளிச்சத்தை மறைப்பது ஒரு வேலை. நம் மூலையில் அதைவிடப் பெரிய வேலையும் அதற்கு இருக்கிறது. ஸ்பீக்கரிலிருந்து வரும் ஒலி நேராகக் காதுக்கு வருவதோடு பக்கச் சுவரிலும் பட்டு ஒரு கணம் தாமதித்து வந்து சேர்கிறது. அந்தச் சுவரில் கண்ணாடி ஜன்னல் இருந்தால் கூர்மையான ஒலிகள் அப்படியே தெறிக்கும். இடது பக்கம் தெறிப்பு, வலது பக்கம் வெளி. குரல் இடதாகச் சாய்ந்து கேட்பதற்கு இதுதான் முக்கியக் காரணம்.

எந்த இடத்தில் தெறிக்கிறது என்று கண்டுபிடிப்பது சுலபம். நீங்கள் உங்கள் இடத்தில் உட்காருங்கள். இன்னொருவர் ஒரு முகக்கண்ணாடியைக் காது உயரத்தில் இடது சுவரோடு ஒட்டிப் பிடித்து, டிவி பக்கத்திலிருந்து உங்கள் பக்கமாக மெல்ல நகர்த்தட்டும். கண்ணாடிக்குள் உங்களுக்கு ஸ்பீக்கர் தெரியும் இடம்தான் ஒலி தெறிக்கும் இடம். நம் அறையில் டிவி சுவரிலிருந்து 83 செ.மீ.யில் இடது ஸ்பீக்கரும், 1.6 மீட்டரில் வலது ஸ்பீக்கரும் தெரியும். ஜன்னல் 70 செ.மீ.யில் தொடங்கி 1.9 மீட்டரில் முடிகிறது, ஆகவே இரண்டு புள்ளிகளும் ஜன்னலுக்குள்ளேயே விழுகின்றன. திரைச்சீலைக் கம்பியை இரு பக்கமும் 20 செ.மீ. நீட்டி 1.6 மீட்டராக வைத்தால் ஒரே துணி இரண்டு தெறிப்பையும் ஜன்னல் வெளிச்சத்தையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளும். உங்கள் அறையில் புள்ளிகள் ஜன்னலுக்கு வெளியே விழுந்தால் கம்பியை அதுவரை நீட்டுங்கள். வெற்றுச் சுவரின் மேல் துணி தொங்குவதில் தவறொன்றும் இல்லை.

துணி விஷயத்தில் அவசரப்பட வேண்டாம். பிளாக்அவுட் துணி என்று விற்பதில் பல வகைகளுக்குப் பின்னால் ரப்பர் போன்ற பூச்சு இருக்கும். வெளிச்சத்தை நன்றாக மறைக்கும். ஆனால் காற்று புகாத பரப்பு என்பதால் சத்தத்தைப் பெரிதாக உறிஞ்சாது. அதனால் இரட்டைக் கம்பி போட்டு, ஜன்னல் பக்கம் பிளாக்அவுட் துணியும் அறைப் பக்கம் கனமான வெல்வெட் போன்ற துணியும் தொங்கவிடுவது நல்லது. அறைப் பக்கத் துணி கம்பியின் நீளத்தைப் போல இரண்டு மடங்கு அகலம் இருக்கட்டும். நம் கம்பிக்கு 3.2 மீட்டர். அப்போதுதான் இழுத்து மூடிய பிறகும் மடிப்புகள் ஆழமாக நிற்கும். தட்டையாக இழுபட்ட துணியால் பாதிப் பயன்கூட இருக்காது. சுவருக்கும் துணிக்கும் நடுவே 10 செ.மீ. இடைவெளி விட்டால் நடுத்தர ஒலிகளையும் அது பிடிக்க ஆரம்பிக்கும். அதற்குக் கம்பியைத் தாங்கும் பிராக்கெட் நீளமானதாக வாங்க வேண்டும். இதைக் கடையில் கேட்டு வாங்குங்கள், சாதாரணமாகக் கொடுப்பது குட்டையாக இருக்கும்.

வெளிச்சம் துணி வழியாக வருவதைவிட விளிம்புகள் வழியாகத்தான் அதிகம் வரும். நண்பகலில் மூடிவிட்டு உங்கள் இடத்தில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். கண் பழகியதும் எங்கே கோடு கோடாக வெளிச்சம் வருகிறது என்று தெரிந்துவிடும். மேலே கசிந்தால் கம்பியை மறைக்கும் மரப்பெட்டி ஒன்று போட வேண்டும். நடுவில் கசிந்தால் இரண்டு துணிகளும் 10 செ.மீ.யாவது ஒன்றன்மேல் ஒன்று ஏற வேண்டும். கீழே துணி தரையைத் தொட்டும் தொடாமலும் முடியட்டும்.

எவ்வளவு கனமான துணி போட்டாலும் பாஸ் அடங்காது, தெருச் சத்தமும் நிற்காது. அந்த எதிர்பார்ப்போடு செலவு செய்தால் ஏமாற்றம்தான்.

வலது பக்கம் சுவர் இல்லாததால் அங்கே எதுவும் செய்ய வேண்டியதில்லை. இடது சுவர் தெறிக்காமல் ஆனதும் அதுவும் கிட்டத்தட்ட வெளி போலவே நடந்துகொள்ளும். சரிபார்க்க, ஒரே குரல் செய்தி வாசிக்கும் ஒலிப்பதிவை இடது, வலது ஸ்பீக்கர்களில் மட்டும் ஓடவிட்டுக் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். குரல் டிவியின் நடுவிலிருந்து வர வேண்டும். இன்னும் இடதாகச் சாய்ந்தால், ஸ்பீக்கர்களுக்கெல்லாம் ஒலியைப் பிரித்துக் கொடுக்கும் ரிசீவர் பெட்டியில் இடது ஸ்பீக்கரின் சத்த அளவை அரை அரை டெசிபலாகக் குறைத்துப் பாருங்கள்.

சுவர் நிறம்

எல்லாச் சுவரையும் கறுப்பாக்க வேண்டிய அவசியம் இல்லை. எந்தச் சுவர் படத்தைக் கெடுக்கிறது என்று பார்த்து அதற்கு மட்டும் அடர் நிறம் அடித்தால் போதும். டிவியை அணைத்துவிட்டு, நீங்கள் படம் பார்க்கும் நேரத்து வெளிச்சத்தில் உங்கள் இடத்தில் உட்கார்ந்து அந்தக் கறுப்புக் கண்ணாடிக்குள் பாருங்கள். அதில் தெரிகிற ஒவ்வொரு வெளிச்சமான பொருளும் இருட்டுக் காட்சியின் மேல் வந்து படியும். பெரும்பாலும் தெரிவது உங்களுக்குப் பின்னால் இருக்கும் சுவர்தான். ஆகவே டிவி வைப்பவர்களுக்கு முதலில் அடர் நிறம் தேவைப்படுவது, அழகுக்காக எல்லோரும் அடிக்கும் டிவி சுவருக்கு அல்ல, அதற்கு எதிர்ச் சுவருக்கு.

டிவிக்குப் பதிலாகப் புரொஜெக்டர் என்றால் கணக்கு மாறும். அங்கே படத்தின் வெளிச்சமே மேல்தளத்திலும் திரையை ஒட்டிய பக்கச் சுவர்களிலும் பட்டுத் திரும்பித் திரையில் விழுந்து கறுப்பைச் சாம்பலாக்கும். வெள்ளை மேல்தளம் தன்மேல் விழும் வெளிச்சத்தில் 80 சதவீதத்துக்கும் மேல் திருப்பி அனுப்பும். எனவே திரையிலிருந்து முதல் ஒன்றரை மீட்டர் வரை மேல்தளத்தை அடர் நிறமாக்குவதுதான் அதற்கு முதல் வேலை.

நிறத்தைவிடப் பளபளப்புதான் அதிகம் தொல்லை தரும். அடர் சாம்பல் நிறமாகவே இருந்தாலும் வழவழப்பான பெயிண்ட் விளக்கைப் பளிச்சென்று காட்டும். மேட் பெயிண்ட் மட்டும் கேளுங்கள். டிவியைச் சுற்றியுள்ள சுவருக்குச் சாயம் தெரியாத நடுத்தரச் சாம்பல் பொருத்தமானது. மரூனோ கரும்பச்சையோ அடித்தால், படத்தில் முகங்களின் நிறம் சற்றே எதிர்த் திசையில் சாய்ந்து தெரியும், ஏனென்றால் கண் பக்கத்தில் இருக்கும் நிறத்தோடு ஒப்பிட்டுத்தான் பார்க்கிறது. டிவிக்குப் பின்னால் மங்கலான விளக்கு வைப்பதாக இருந்தால் 6500 கெல்வின் என்று அட்டையில் போட்டிருப்பதை வாங்குங்கள். அது சாம்பல் சுவரில் பட்டால்தான் வெள்ளையாகத் தெரியும்.

பின் ஸ்பீக்கர்களும் பாஸும்

சரவுண்டு ஸ்பீக்கர்கள் இரண்டும் காதுக்கு நேர் பக்கத்தில் அல்லது சற்றுப் பின்னால், காதைவிட ஒரு சாண் உயரத்தில் இருந்தால் போதும். இடதை 1.5 மீட்டர் தள்ளிச் சுவரில் மாட்டலாம், வலதை அதே தூரத்தில் ஸ்டாண்டில் நிறுத்த வேண்டும். நடமாட்டத்துக்கு அது இடைஞ்சல் என்றால் பின் ஸ்பீக்கர்களையே விட்டுவிடுங்கள். ஒன்று மட்டும் இருப்பதைவிட முன்னால் மூன்று நன்றாக இருப்பது மேல்.

சப்வூஃபருக்கு இடம் தேட அதையே உங்கள் சோபாவின் மேல் தூக்கி வையுங்கள். பாஸ் குறிப்புகள் ஏறி இறங்கும் பாடல் ஒன்றை ஓடவிட்டு, முன் சுவரை ஒட்டித் தவழ்ந்து போய்க் கேளுங்கள். சில இடங்களில் ஒரு சுரம் மட்டும் உறுமும், சில இடங்களில் ஒன்றுமே இருக்காது. எல்லாச் சுரங்களும் ஒரே அளவாகக் கேட்கும் இடத்தில் சப்வூஃபரைக் கொண்டுபோய் வையுங்கள். ஒலி ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போனாலும் திரும்பி வந்தாலும் அறை அதை ஒரே மாதிரிதான் நடத்தும் என்பதால் இந்த வழி பலிக்கிறது. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழான ஒலிகள் மட்டும் சப்வூஃபருக்குப் போகும்படி ரிசீவரில் பிரித்துக் கொடுத்தால் பாஸ் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காது பிரித்தறிவது கடினம், ஆகவே அது மூலையில் இருந்தாலும் பரவாயில்லை.

வேலை தொடங்கும்போது வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் டேப்பால் எல்லா இடங்களையும் குறித்துக்கொள்ளுங்கள், அப்புறம் ஸ்பீக்கர் கம்பிகளுக்குச் சுவரில் வழி எடுங்கள், பிறகு பெயிண்ட், அதன் பின் திரைச்சீலைக் கம்பி, கடைசியில் டிவி தாங்கி. எல்லாம் நின்ற பிறகு ரிசீவரில் ஒவ்வொரு ஸ்பீக்கரின் தூரத்தையும் தலையிலிருந்து அளந்து போடுங்கள்: நம் அறையில் சென்டருக்கு 2.1 மீட்டர், இடது வலதுக்கு 2.3. பக்கத்தில் இருக்கும் சென்டரை அந்த 20 செ.மீ.க்கு ஏற்ப ரிசீவரே தாமதப்படுத்தி, மூன்றும் ஒரே நேரத்தில் காதுக்கு வரும்படி பார்த்துக்கொள்ளும். சோபாவை நகர்த்தினால் இந்த எண்களையும் மாற்ற வேண்டும்.